கடை சாத்திட்டிருந்தேன், கஸ்டமர் வந்தார்: இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?

துணிக்கடையில் வேலை பார்ப்பவர்: "கடை சாத்திட்டிருந்தேன், கஸ்டமர் வந்தார். ரெண்டுமே முடிஞ்சுபோன விஷயம்தானே? ஐ க்ளோஸ்ட்னு சொன்னா என்ன?"

கஸ்டமர் வாசலில் கால் வைத்த நொடியில் ஷட்டர் எங்கே இருந்தது? பாதியில். அதனால் "ஐ வாஸ் க்ளோசிங் த ஷாப் வென் எ கஸ்டமர் கேம்." பாதியில் நிற்கிற வேலைக்கு வாஸ், கூடவே இங். குறுக்கே வந்ததற்கு வெறும் கேம். "ஐ க்ளோஸ்ட் த ஷாப் வென் எ கஸ்டமர் கேம்" என்றால், அவரைப் பார்த்ததும் கடையைச் சாத்திவிட்டீர்கள் என்று ஆகிவிடும். முதலாளி காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

"என் வழி சுலபம் சார். வைல் வந்தா இங், வென் வந்தா சாதா இறந்தகாலம். போதும்தானே?"

வைலுக்கு அநேகமாகச் சரி. வென் காலை வாரிவிடும். "வென் அம்மா கேம், வி ஏட்." "வென் அம்மா கேம், வி வேர் ஈட்டிங்." இரண்டும் சரியான இங்கிலீஷ்தான். முதலாவதில் அம்மா வந்த பிறகுதான் இலை போட்டார்கள். இரண்டாவதில் அம்மா நுழையும்போது சாம்பார் முடிந்து ரசத்துக்கு வந்தாயிற்று. இன்னொன்று, "வென் ஐ வாஸ் க்ளோசிங் த ஷாப்" என்றும் தாராளமாகச் சொல்லலாம். அங்கே வென்னுக்குப் பின்னாலேயே இங் நிற்கிறதே!

"சேர்ல உட்கார்ந்திருந்தேன், மேல பல்லி விழுந்துச்சு. ஐ ஹேட் சேட்னு எழுதினேன், மிஸ் சுழிச்சிட்டாங்க. தமிழ்ல 'கொண்டு' இல்லையே?"

நல்ல இடத்தில் மாட்டியிருக்கிறீர்கள். குளிப்பது, சமைப்பது என்றால் நாம் 'குளித்துக்கொண்டிருந்தேன்' என்போம், அப்படியே இங் போட்டுவிடலாம். உட்கார்வது, படுப்பது, சட்டை போடுவது அப்படியில்லை. உட்கார்ந்தது ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது, அந்த நிலைதான் நீடிக்கிறது. அதனால் நாம் 'உட்கார்ந்திருந்தேன்' என்று விட்டுவிடுகிறோம். இங்கிலீஷில் அந்த நீடிக்கிற நிலைக்கும் இங்தான்: "ஐ வாஸ் சிட்டிங் ஆன் எ சேர் வென் எ லிசர்ட் ஃபெல் ஆன் மீ." பல்லி விழும்போது நீலச்சட்டை போட்டிருந்தீர்களா? "ஐ வாஸ் வேரிங் எ ப்ளூ ஷர்ட்." 'இருந்தேன்' என்ற வாலைப் பார்த்து ஹேட் போட்டால் மறுபடியும் சுழிப்புதான்.

"எனக்கு வேற பிரச்சினை. இன்டர்வியூல பதில் தெரியும், சொல்றதுக்குள்ள அவர் அடுத்த கேள்விக்குப் போயிட்டார். ஐ வாஸ் நோயிங்?"

"ஐ நியூ த ஆன்சர்." 'தெரியும்' என்கிற நோ, இங் ஏற்காது.

"வெள்ளம் வந்தப்போ ஆத்தங்கரைல குடியிருந்தோம். லிவ்டா, வேர் லிவிங்கா?"

இரண்டும் காதில் விழும். கொஞ்சகாலம் மட்டும் இருந்த வாடகை வீடு என்றால் நான் வேர் லிவிங் போடுவேன். பரம்பரை வீட்டுக்கு லிவ்ட். என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் எதற்கும் வேர் லிவிங்தான் என்கிறார், இன்னும் சண்டை ஓயவில்லை.