லே மிஸரபிள்: சுருக்கத்தில் காணாமல் போவது என்ன?

கேள்வி: விக்டர் ஹ்யூகோவின் லே மிஸரபிள் படிக்க ஆசை. 400 பக்கத்துக்கு ஒரு சுருக்கப் பதிப்பும், 1,300 பக்கத்துக்கு ஒரு முழுப் பதிப்பும் கடையில் இருக்கின்றன. கதை ஒன்றுதானே, சுருக்கத்தைப் படித்தால் போதாதா?

பதில்:

கதை ஒன்றுதான். அதை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் 400 பக்கமே அதிகம். இந்த நாவலைத் தழுவி 1950-இல் வந்த 'ஏழை படும் பாடு' படத்தைப் பார்த்தாலே போதும். ஆனால் சுருக்குகிறவர்கள் வழக்கமாக முதலில் கை வைக்கும் இடங்கள் 'கதைக்கு வெளியே' இருப்பதுபோலத்தான் தெரியும். பின்னால் வரும் காட்சிகளின் கனம் பலமுறை அங்கேதான் இருக்கிறது.

எல்லாருக்கும் தெரிந்த காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 19 வருடம் சிறையில் இருந்து வெளியே வந்த ஜான் வல்ஜான், தங்க இடம் கொடுத்த பிஷப் வீட்டிலேயே வெள்ளிச் சாமான்களைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். போலீஸ் பிடித்து வந்து நிறுத்துகிறது. பிஷப்போ, "நான்தான் கொடுத்தேன், மெழுகுவர்த்தித் தண்டுகளையும் கொடுத்தேனே, ஏன் விட்டுவிட்டுப் போனாய்?" என்கிறார். சுருக்கத்தில் இதைப் படிக்கும்போது ஒரு நல்ல மனிதர் ஒரு நல்ல காரியம் செய்கிறார். அவ்வளவுதான்.

முழு நாவலில் வல்ஜான் வருவதற்கு முன்னால் 14 அத்தியாயங்கள் பிஷப் மிரியேலுக்காகவே இருக்கின்றன. பதவிக்கு வந்ததும் பக்கத்திலிருக்கும் ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போகிறார். ஐந்தாறு சின்ன அறைகளில் 26 நோயாளிகள். தன் மாளிகையில் மூன்றே பேர், இடமோ 60 பேருக்கு. ஏதோ தப்பு நடந்திருக்கிறது, என் வீடு உங்களிடமும் உங்கள் வீடு என்னிடமும் இருக்கிறது என்று சொல்லி இடத்தை மாற்றிக்கொள்கிறார். வருடச் சம்பளம் 15,000 பிராங்க். தனக்கு வைத்துக்கொள்வது 1,000. மீதி எங்கே போகிறது என்று ஹ்யூகோ பட்ஜெட்டையே அச்சிட்டுக் காட்டுகிறார். இத்தனையும் விட்ட மனிதரிடம் பழைய வாழ்க்கையின் மிச்சமாக இருப்பது ஆறு வெள்ளி முட்கரண்டி-கரண்டிகள், ஒரு சூப் அகப்பை, பாட்டி முறையான ஒரு உறவினரிடமிருந்து வந்த இரண்டு மெழுகுவர்த்தித் தண்டுகள். வெள்ளியில் சாப்பிடுவதை விடுவது எனக்குக் கஷ்டம்தான் என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

இதைப் படித்த பிறகு திருட்டுக் காட்சிக்கு வாருங்கள். திருடு போனது அவரால் விட முடியாமல் இருந்த ஒரே பொருள். வேலைக்கார அம்மா பதறும்போது, அந்த வெள்ளியை நான்தான் ரொம்ப நாளாகத் தப்பாக வைத்துக்கொண்டிருந்தேன், அது ஏழைகளுடையது என்கிறார். முன்னால் நடந்தது தெரியாதவருக்கு இது உபதேசம் மாதிரி இருக்கும். தெரிந்தவருக்கு, ஒரு மனிதர் தன் கடைசிப் பற்றையும் விடும் இடம் இது.

அத்தியாயங்களை முழுசாக வெட்டுவது கண்ணுக்குத் தெரியும். பத்திகளைக் கரைத்து ஒரு வரியாக்குவதுதான் தெரியாது. என்னைக் கேட்டால் பெரிய நஷ்டம் இதுதான். ஃபான்தீன் கதை அதற்குச் சரியான உதாரணம். "மகளைக் காப்பாற்றத் தலைமுடியையும் பற்களையும் விற்றாள், கடைசியில் தன்னையே விற்றாள்" என்று சுருக்கிவிடலாம், ஒரு தகவலும் தப்பாகாது. ஹ்யூகோ அதைக் கணக்காக எழுதியிருக்கிறார். குழந்தை கோசெத்தைத் தெனார்தியே தம்பதியிடம் விடும்போது மாதம் 7 பிராங்க். அது 12 ஆகிறது, 15 ஆகிறது. தொழிற்சாலை வேலை போன பிறகு சட்டை தைத்து அவள் சம்பாதிப்பது நாளுக்கு 12 சூ. குழந்தைக்கே 10 சூ போய்விடுகிறது. (20 சூ ஒரு பிராங்க்.) குளிருக்குக் கம்பளிப் பாவாடை வேண்டும், 10 பிராங்க் அனுப்பு என்று கடிதம் வருகிறது. முடியை 10 பிராங்குக்கு விற்று, பாவாடையையே வாங்கி அனுப்புகிறாள். தெனார்தியேவுக்குக் கோபம், அவனுக்கு வேண்டியது பணம். பாவாடை அவன் மகளுக்குப் போகிறது. அடுத்து, குழந்தைக்குக் காய்ச்சல், 40 பிராங்க் வேண்டும் என்று ஒரு பொய். முன்பற்கள் இரண்டும் சரியாக 40 பிராங்குக்குப் போகின்றன. அப்புறம் சிறைக் கைதிகளை வைத்து மலிவாகத் தைத்து வாங்கும் ஒரு குத்தகைக்காரனால் கூலி விழுகிறது: 17 மணி நேரம் தைத்தால் 9 சூ. அந்த நேரத்தில்தான் 100 பிராங்க் கேட்டுக் கடிதம் வருகிறது.

இந்தத் தொகைகள் இருந்தால் வாசகரும் கூடவே கூட்டிக் கழித்துப் பார்ப்பார், வேறு வழி இருக்கிறதா என்று தேடுவார், இல்லை என்று தெரிந்துகொள்வார். தொகைகள் போய்விட்டால் மிஞ்சுவது பாவப்பட்ட ஒரு பெண்.

வாட்டர்லூ போரைப் பற்றிய 19 அத்தியாயங்களைத்தான் எல்லாரும் குறை சொல்வார்கள். நானும் அதில் கொஞ்சம் வேகமாகத்தான் போனேன். ஆனால் கடைசி அத்தியாயத்தில், பிணக் குவியலில் கிடக்கும் போன்மெர்சி என்ற அதிகாரியிடமிருந்து ஒருவன் மோதிரம், கடிகாரம், பர்ஸ் எல்லாவற்றையும் உருவுகிறான். கண் விழித்த அதிகாரி, இவன் தன்னைக் காப்பாற்றினான் என்று நினைத்துப் பெயர் கேட்கிறார். தெனார்தியே. பல நூறு பக்கம் கழித்து, அந்த அதிகாரியின் மகன் மரியுஸ் கையில் துப்பாக்கியோடு, பக்கத்து அறையில் தெனார்தியே வல்ஜானை மடக்கி வைத்திருப்பதைச் சுவர் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். சுட்டால் போலீஸ் வரும், வல்ஜான் தப்பிப்பார். ஆனால் தெனார்தியே மாட்டுவான். என் உயிரைக் காத்தவனுக்கு உன்னால் முடிந்த நன்மை செய் என்று அப்பா எழுதி வைத்துப் போயிருக்கிறார். அது காப்பாற்றல் இல்லை, கொள்ளை என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அந்த வாட்டர்லூ இரவை வெட்டிவிட்டுப் பின்னால் ஒரு வரியில் விளக்கினால் இந்தத் தவிப்பு வராது.

கடையில் புத்தகத்தைப் புரட்டும்போது முதல் பக்கத்தைப் பாருங்கள். முழு நாவல் 1815-இல் மிரியேல் பிஷப்பாக இருந்தார், வயது சுமார் 75 என்று தொடங்கும். 1815 அக்டோபரில் சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது ஒருவன் ஊருக்குள் நடந்து வந்தான் என்று தொடங்கினால், 14 அத்தியாயம் ஏற்கெனவே போய்விட்டது என்று அர்த்தம். முழு நாவலில் ஐந்து பாகம், 365 அத்தியாயம். ஆங்கிலத்தில் இசபெல் ஹாப்குட்டின் பழைய முழு மொழிபெயர்ப்பு குட்டன்பர்க் தளத்தில் இலவசம்.

பயமாக இருந்தால் ஒரு நடுவழி உண்டு. 1976-இல் ஃபோலியோ பிரஸில் வந்து, பிறகு பெங்குவின் வெளியிட்ட நார்மன் டென்னி மொழிபெயர்ப்பில், கன்னிமாடங்களைப் பற்றிய பகுதியும் திருடர் பாஷையைப் பற்றிய பகுதியும் பின்னிணைப்பாகக் கடைசிக்குப் போய்விட்டன. வேறு இடங்களிலும் கொஞ்சம் கத்தரி வைத்திருக்கிறார், அதனால் அதை முழுப் பதிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டு பகுதியையும் தள்ளி வைத்தது நியாயம்தான். முழுப் பதிப்பு வாங்கினாலும் முதல் வாசிப்பில் அவற்றைத் தாண்டிப் போகலாம். பாரிஸ் சாக்கடைகளின் வரலாறு மட்டும் விடாதீர்கள். அடுத்த பகுதியில் வல்ஜான் மரியுஸைத் தோளில் சுமந்துகொண்டு இறங்குவது அதற்குள்தான்.