ஒரு மாதம் காகிதத்தில் வர்த்தகம் செய்து பார்த்தால் போதுமா?

"கல்முனையில் இருக்கிறேன். கொழும்புப் பங்குச் சந்தையில் என் உத்தியை ஒரு மாதம் கொப்பியில் எழுதிப் பார்த்தேன், இலாபம் வந்தது. இனிச் சொந்தக் காசைப் போடலாமா?"

கொப்பியில் எந்த விலையை எழுதினீர்கள் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலானோர் கடைசியாக விற்ற விலையைத்தான் எழுதுகிறார்கள். நானும் மட்டக்களப்பிலிருந்து அப்படித்தான் தொடங்கினேன்.

ஒரு கணக்குப் பார்ப்போம். கடைசி விலை 12.00 ரூபாய். 5,000 பங்குக்கு 60,000 என்று எழுதி, 12.60இல் விற்று 3,000 இலாபம் என்கிறீர்கள். ஆனால் விற்பவர்கள் வரிசையில் 12.20இல் 1,500 பங்கு, 12.30இல் 2,000, 12.40இல் 1,500தான் கிடக்கின்றன. சராசரி 12.30, செலவு 61,500. விற்கும்போது வாங்குபவர்கள் 12.40தான் தருகிறார்கள் என்றால் வரவு 62,000. தரகுக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 1.12 சதவீதம், மொத்தம் 1,383 ரூபாய். 3,000 இலாபம் 883 நட்டமாகிவிட்டது.

ஆகவே வாங்கும்போது விற்பவர் கேட்கும் விலையையும், விற்கும்போது வாங்குபவர் தரும் விலையையும், எண்ணிக்கையோடு எழுதி மறுபடி கணக்கிடுங்கள். குறைவாகக் கைமாறும் பங்குகளில் இந்த இடைவெளி பெரிது.

இதைத் திருத்தலாம். திருத்த முடியாதது ஒன்று உண்டு: வீட்டுக் காசு 8 சதவீதம் இறங்கி நிற்கும்போது, எழுதிவைத்த இடத்தில் விற்கக் கை வருமா என்பது. அதை அறிய, இழந்தாலும் தாங்கக்கூடிய சிறு தொகையில் உண்மையாகவே வாங்கிப் பாருங்கள்.