"இந்த மாசத்தோட கட் பண்ணிடுங்க" என்றால் எந்தத் தேதி?

கேள்வி: ஒரு பிராட்பேண்ட் ஏஜென்சி ஆபீஸில் வேலை பார்க்கிறேன். கனெக்‌ஷன் வேண்டாம் என்பவர்கள் வாட்ஸ்அப்பில் "அண்ணா, நெட் வேணாம், நிறுத்திடுங்க" என்கிற மாதிரிதான் அனுப்புகிறார்கள். அதை அப்படியே ஹெட் ஆபீஸுக்கு மெயில் பண்ணினால் தப்பான கனெக்‌ஷனைக் கட் பண்ணுகிறார்கள், இல்லையென்றால் அடுத்த மாத பில்லும் போட்டுவிடுகிறார்கள். எப்படி மாற்றி எழுதி அனுப்புவது?

பதில்: பில்லிங் டெஸ்கில் உட்கார்ந்த புதிதில் நானும் அப்படியே தள்ளிவிடுகிற ஆள்தான். ஒரு புதன்கிழமை, "நாளைக்கு ராத்திரியோட போதும் சார்" என்று ஒருவர் அனுப்பியிருந்தார். வேலை நெருக்கடியில் வெள்ளிக்கிழமைதான் அதை மேலே அனுப்பினேன், ஒரு எழுத்தும் மாற்றாமல். அங்கே படித்தவருக்கு "நாளை" என்றால் சனிக்கிழமை. நடுவில் வெள்ளிக்கிழமை புது பில்லிங் சுழற்சி தொடங்கி ஒரு மாதத்துக்கான பில் விழுந்துவிட்டது. கஸ்டமர் கொதித்துப்போனார். மெசேஜில் பிழையே இல்லை, அவர் சொன்ன "நாளை" என்னிடம் இரண்டு நாள் தூங்கியதுதான் பிழை.

அதனால் நேற்று, நாளை, வர்ற வெள்ளி, மாசக் கடைசி போன்ற சொற்கள் ஹெட் ஆபீஸுக்குப் போகிற மெயிலில் இருக்கவே கூடாது. கஸ்டமர் மெசேஜ் அனுப்பிய நாளை வைத்து நாட்காட்டித் தேதியாக மாற்றிவிடுங்கள். 05/06 என்று எழுதினால் ஜூன் 5-ஆ, மே 6-ஆ என்ற குழப்பம் வேறு. மாதத்தைப் பெயர் சொல்லி எழுதிவிட்டால் தீர்ந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் "மாசம்" என்ற சொல்தான். கஸ்டமருக்கு மாசம் என்றால் 1 முதல் 30 வரை. பில்லிங்குக்கு அது கனெக்‌ஷன் கொடுத்த தேதியில் தொடங்குகிற சுழற்சி. சில வீடுகளில் "ஆடி முடியட்டும்" என்று தமிழ் மாதக் கணக்கும் வரும். ஒரு மெசேஜை எடுத்து முழுவதுமாகப் பார்ப்போம். 2025 ஜூன் 11-ஆம் தேதி ஓர் அம்மா அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"தம்பி, வீடு மாறுறோம். இந்த மாசத்தோட நெட்டைக் கட் பண்ணிடுங்க. மேல் வீட்டுது இருக்கட்டும்."

முதலில் கணக்கு. அவருடைய போன் நம்பரைப் போட்டுத் தேடினால் இரண்டு கனெக்‌ஷன் வருகிறது: கீழ்வீட்டுக்கு KLM-20417, மாடிக்கு KLM-20932. போன் நம்பரை மட்டும் எழுதி அனுப்பினால், திரையில் முதலில் தெரிகிற கனெக்‌ஷனைக் கட் பண்ணிவிட்டுப் போய்விடுவார்கள். உங்களுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான் என்பது என் ஊகம். எது போக வேண்டும் என்பதோடு, எது இருக்க வேண்டும் என்பதையும் எண் போட்டு எழுதுங்கள். அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். வீட்டுக்காரர் பெயரில் இருக்கிற கனெக்‌ஷனை வாடகைக்கு இருப்பவர் நிறுத்தச் சொல்வது அடிக்கடி நடக்கும். அப்போது கணக்கு யார் பெயரிலோ அவருடைய சம்மதம் வந்தபிறகு அனுப்புங்கள்.

அடுத்து தேதி. கீழ்வீட்டுக் கணக்கின் சுழற்சி ஒவ்வொரு மாதமும் 18 முதல் அடுத்த மாதம் 17 வரை. "இந்த மாசத்தோட" என்பது ஜூன் 17 ஆகவும் இருக்கலாம், ஜூன் 30 ஆகவும் இருக்கலாம், வீட்டைக் காலி செய்யும் நாளாகவும் இருக்கலாம். இங்கே நீங்களாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. "எப்போ கட் பண்ணணும்மா?" என்று பொதுவாகக் கேட்டாலும் திரும்ப "மாசக் கடைசி"தான் வரும். தேதியையும் பணத்தையும் சேர்த்து ஒரே கேள்வியாகக் கேளுங்கள். அவருடைய பிளான் 599 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 706 ரூபாய் 82 காசு, உங்கள் நிறுவனம் நாள் கணக்கில் கழித்துக் கொடுக்காது என்றால், இப்படி:

"அம்மா, 17-ஆம் தேதி ராத்திரியோட நிறுத்தினா புது பில் வராது. அதுக்கு மேல ஒரு நாள் போனாலும் முழு மாசத்துக்கு 706.82 கட்டணும். எந்தத் தேதி வரைக்கும் நெட் வேணும்?"

"29 ஞாயித்துக்கிழமை காலையில லாரி வருது தம்பி. பையனுக்கு ஆன்லைன் கிளாஸ் இருக்கு, 28 வரைக்கும் இருக்கட்டும், கட்டிடுறேன்" என்று பதில் வந்தால், பிறகு பில்லைப் பார்த்துச் சண்டை வராது. இனி மெயில்:

பொருள்: இணைப்பை நிரந்தரமாக ரத்து செய்யக் கோரிக்கை, KLM-20417
ரத்து செய்ய வேண்டிய கணக்கு: KLM-20417 (தரைத்தளம்)
தொடர வேண்டிய கணக்கு: KLM-20932 (மாடி)
சேவை இருக்க வேண்டிய கடைசி நாள்: 2025 ஜூன் 28, இரவு வரை
சேவை இல்லாத முதல் நாள்: 2025 ஜூன் 29
ஜூன் 18-இல் வரும் பில்லுக்கு வாடிக்கையாளர் சம்மதித்துள்ளார். ஜூலை 18-இல் புதிய பில் போட வேண்டாம்.
கோரிக்கை வந்த நாள்: 2025 ஜூன் 11, வாட்ஸ்அப் வழியாக. மெசேஜின் படம் இணைப்பில்.

கடைசி நாள், முதல் நாள் என்று இரண்டையும் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். "28-ஆம் தேதி கட் பண்ணவும்" என்று எழுதினால் 28 காலை பத்து மணிக்கே கட் ஆகிவிடும். மாறாக, "28 வரை" என்பதில் 28 சேருமா சேராதா என்று ஒருவர் யோசிப்பார். இரண்டு தேதியையும் பார்த்தவருக்கு அந்த யோசனைக்கு வேலையில்லை. வீடு மாறுகிற கதை, பையனின் கிளாஸ் எதுவும் மெயிலில் வேண்டாம். கோரிக்கை வந்த நாள் மட்டும் தவறக் கூடாது. முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று நிறுவனத்தில் விதி இருந்தால், அந்த நாள்கணக்கு கஸ்டமர் மெசேஜ் அனுப்பியதிலிருந்து ஓட வேண்டுமே தவிர, நீங்கள் மெயில் தட்டிய நாளிலிருந்து அல்ல.

"நிறுத்திடுங்க" என்கிற சொல்லையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். பத்து நாள் ஊருக்குப் போகிறவரும் அதையேதான் சொல்வார். அவருக்கு வேண்டியது தற்காலிக நிறுத்தம். நிரந்தரமா, தற்காலிகமா என்று பொருள் வரியிலேயே எழுதச் சொன்னது இதற்காகத்தான். மோடத்தைத் திருப்பிக் கொடுப்பீர்களா என்று கேட்டால் பெரும்பாலும் உண்மை வெளியே வந்துவிடும். "அது எதுக்கு, திரும்பி வந்து போட்டுக்குவோம்ல" என்பார்கள்.

ஆட்டோபே வைத்திருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லுங்கள். உங்கள் பக்கம் கனெக்‌ஷன் ரத்தானாலும், அவர்கள் யுபிஐ ஆப்பிலோ கார்டிலோ கொடுத்த அனுமதி தானாகப் போய்விடும் என்று நம்பி விட்டுவிடக் கூடாது. கடைசி பில் கழிந்ததும் ஆப்பைத் திறந்து அவர்களே ரத்து செய்துகொள்வது நல்லது. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ரத்துக்குப் பிறகும் அப்படியொரு மெசேஜ் வந்தால் உடனே உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள், அந்த ஒரு நாளுக்குள் தடுக்கப் பார்க்கலாம்.

நீங்கள் கேட்ட கேள்விக்குக் கஸ்டமரிடமிருந்து பதிலே வரவில்லை என்றால், ஊகத்தில் ஒரு தேதியைப் போட்டு அனுப்பாதீர்கள். மேலே சொன்ன அம்மா விஷயத்தில் ஜூன் 17 நெருங்குகிறது, நீல டிக் விழுந்தும் பதில் இல்லை என்றால், 16-ஆம் தேதி மாலைக்குள் போன் போட்டு வாயால் கேட்டு, "நீங்க சொன்னபடி 28 வரைக்கும்" என்று அதே வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டிவிட்டு, அவர் "சரி" என்று போட்ட பிறகு மெயிலை அனுப்புங்கள்.