குடியை நிறுத்திய மூன்றாம் நாள் பூச்சி தெரிகிறது என்கிறார்

“அப்பா 20 வருஷமா தினமும் குடிப்பவர். மூணு நாள் முன்னாடி சட்டென்று நிறுத்தினார். நேற்று ராத்திரியிலிருந்து சுவரெல்லாம் பூச்சி ஊருதுன்னு தட்டிவிடுகிறார். உடம்பு கொதிக்குது, நெஞ்சு படபடக்குது. மந்திரிக்கலாம்னு பாட்டி சொல்றாங்க. காய்ச்சல் மாத்திரை போதுமா?”

போதாது. இப்போதே 108-ஐ அழையுங்கள், மற்றதை ஆம்புலன்ஸ் வரும்வரை படிக்கலாம்.

இதை டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பார்கள். மது மூளையை அமுக்கி வைக்கும். அதைச் சமாளிக்க மூளை வருஷக்கணக்காகத் தன் வேகத்தைக் கூட்டியே வைத்திருக்கும். மது திடீரென நின்றதும் அந்த வேகத்துக்குக் கடிவாளம் இல்லை. அதனால்தான் நடுக்கம், காய்ச்சல், படபடப்பு, இல்லாத பூச்சி எல்லாம் சேர்ந்து வருகின்றன. பெரும்பாலும் கடைசியாகக் குடித்த 2 முதல் 4 நாளுக்குள் தொடங்கும். உங்கள் கணக்கும் அதேதான்.

வலிப்பு வரலாம், இதயத்துடிப்பு தாறுமாறாகலாம், உயிரே போகலாம். மருத்துவமனையில் லோராசெபாம் அல்லது டயசெபாம் ஊசியை அளவு பார்த்துப் போட்டு மூளையை அடக்குவார்கள். தையமின் என்ற வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். குளுக்கோஸ் மட்டும் ஏற்றச் சொல்லி பக்கத்து கிளினிக்கில் படுக்க வைக்காதீர்கள். தையமின் இல்லாமல் அது மூளையைப் பாதிக்கக்கூடும். நிமோனியா போல வேறு தொற்று இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

அதுவரை அறையில் விளக்கு எரியட்டும். பூச்சி இல்லை என்று வாதாட வேண்டாம். குழப்பத்தில் இருப்பவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள், “கொஞ்சம் சரக்கு கொடுத்தா அடங்கும்” என்று யார் சொன்னாலும் சரி. கடைசியாக எப்போது குடித்தார், தினமும் எவ்வளவு என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.