ஷட்டர் கவுண்ட் 62,000 என்றால் என்ன அர்த்தம்?

பழைய நிக்கான் D7200 கேமரா ஒன்று பார்த்திருக்கிறேன், ஷட்டர் கவுண்ட் 62,000. வாங்கலாமா?

சென்சாருக்கு முன்னால் இருக்கும் திரை இதுவரை எத்தனை முறை திறந்து மூடியது என்ற கணக்குதான் ஷட்டர் கவுண்ட். பைக்கின் ஓடோமீட்டர் மாதிரி. அந்தத் திரை அசைந்து தேய்கிற பாகம், அதனால்தான் எண்ணுகிறார்கள். இந்த மாடலின் ஷட்டரை 1,50,000 முறை இயக்கிச் சோதித்ததாக நிக்கான் சொல்கிறது. 62,000 அதில் பாதிகூட இல்லை. விற்பவர் வாய்க்கணக்கு வேண்டாம். அங்கேயே ஒரு படம் எடுத்து, படக் கோப்பின் விவரங்களைக் காட்டும் exiftool என்ற நிரலில், அந்தப் படத்தின் பெயரைக் கொடுத்து லேப்டாப்பில் பாருங்கள்:

```
exiftool -ShutterCount DSC_0412.JPG
```

சரி, சென்சார்? வீடியோ ஓடும்போது திரை திறந்தே கிடக்கும். எண் ஏறாது, சென்சார் மட்டும் சூடாகும். லென்ஸை மூடி, 30 விநாடி எக்ஸ்போஷர் வையுங்கள். கறுப்பில் ஒன்றிரண்டு வண்ணப் புள்ளிகள் சகஜம். கொத்துக் கொத்தாக மின்னினால் விட்டுவிடுங்கள்.

1,50,000-ஐத் தொட்டதும் கேமரா நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது காலாவதி தேதி இல்லை, தாண்டியும் ஓடும், முன்பே பழுதானால் ஷட்டரை மட்டும் மாற்றலாம்.