பொய் சொல்லும் கதைசொல்லி: தடயத்தை எங்கே வைப்பது?

கேள்வி: கதை சொல்பவன் பொய்யன் என்பதை, வாசகரின் நம்பிக்கை கெடாமல் எப்படி உணர்த்துவது?

உண்மையைத் திரித்துத் தன் கதையைத் தானே சொல்லும் பாத்திரம்தான் நம்பகமற்ற கதைசொல்லி. அவன் பொய் சொல்லலாம். அதைப் பிடிக்க உதவும் தகவலை எழுத்தாளர் ஒளிக்கக் கூடாது. மீன்காரர் "இன்று பிடித்தது" என்று சொன்னாலும், செவுளைத் தூக்கிப் பார்க்க நம்மை விடுகிறார் அல்லவா, அப்படி.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியில் பலரைக் காப்பாற்றியதாக ஒருவன் பெருமை பேசுகிறான் என்று வைத்துக்கொள்வோம். "விடிந்ததும் ரயிலேறி மண்டபம் வந்தேன்" என்கிறான். அந்தப் புயலில் பாம்பன் ரயில் பாலமே சிதைந்துவிட்டது. வெளியூர் வாசகருக்கு இது தெரியாது. எனவே முன்பே, அரிசி விலை பற்றிய பேச்சில், அவன் அம்மா "பாலம் போனபின் எல்லாம் படகில்தான் வந்தது" என்று சொல்லிவிட வேண்டும். பொய்யன் தன் வீரத்தைக் கவனமாகக் காப்பான். பயண விவரத்தில்தான் அசந்துபோவான்.

கடைசியில் அவன் உண்மையை ஒப்புக்கொண்டாக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தேவையில்லை, அந்த இரண்டு வரிகளையும் வாசகரே சேர்த்துப் பார்த்துவிடுவார்.