5 எழுத்து குறைந்தால் பரவாயில்லையா?

கேள்வி: டாக்டர், அம்மாவுக்கு 74 வயது, ஈர வகை விழித்திரைச் சிதைவு. லூசென்டிஸ் ஊசிக்குப் பதில் விலை குறைந்த அவாஸ்டின் போடலாம், அது 'தாழ்ந்ததல்ல' என்று ஆய்வில் நிரூபித்துவிட்டார்கள் என்கிறார் கண் மருத்துவர். தேடிப் படித்தேன். கண் சோதனை அட்டையில் படிப்பது 5 எழுத்துவரை குறைந்தாலும் பரவாயில்லை என்று ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள்! அந்த 5ஐ யார் முடிவு செய்தது? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: நியாயமான சந்தேகம்தான். இரண்டு மருந்தும் ஒன்றேதான் என்று எந்த ஆய்வாலும் காட்ட முடியாது, எத்தனை ஆயிரம் பேரைச் சேர்த்தாலும் ஒரு சின்ன வித்தியாசத்துக்கு இடம் இருந்துகொண்டே இருக்கும். அதனால் 'இவ்வளவுக்கு மேல் மோசமில்லை' என்று காட்டுகிறார்கள். அந்த 'இவ்வளவு'தான் மார்ஜின்.

அதை எங்கிருந்து எடுப்பது? முதலில் லூசென்டிஸ் போடாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். 2006இல் வெளிவந்த மரினா ஆய்வில் மாதாமாதம் ஊசி போட்டவர்கள் ஒரு வருடத்தில் சராசரியாக 7.2 எழுத்து கூடுதலாகப் படித்தார்கள், போடுவதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்கள் 10.4 எழுத்தை இழந்தார்கள். வித்தியாசம் 17.6. இதை அப்படியே நம்பாமல் புள்ளியியல் ஊசலாட்டத்துக்குக் கொஞ்சம் கழித்து 15 என்று வைத்துக்கொள்வோம் (இது என் தோராயக் கணக்கு). மலிவு மருந்து 15 எழுத்து பின்தங்கினால், ஊசியே போடாததற்குச் சமம். அதனால் மார்ஜின் 15க்கு வெகு கீழே இருக்க வேண்டும். பாதிப் பலனையாவது காப்பாற்ற வேண்டும் என்பது வழக்கமான விதி, அப்படிப் பார்த்தால் 7.5 வரும்.

ஆனால் கணக்கு ஒத்துக்கொள்வதை நோயாளி ஒத்துக்கொள்வாரா? கண் ஆய்வுகளில் பயன்படும் எழுத்து அட்டையில் ஒரு வரிக்கு 5 எழுத்து. ஒரு வரிக்கும் குறைவான ஏற்ற இறக்கம் ஒரே ஆளை இரண்டு நாள் சோதித்தாலே வந்துவிடும், பஸ் நிறுத்தத்தில் நின்று எண்ணைப் படிக்கும் உங்கள் அம்மாவுக்கு அது பெரிதாகத் தெரியாது. 7.5 என்றால் ஒன்றரை வரி, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 5 வைத்தால் 15இல் மூன்றில் இரண்டு பங்கு பலன் காப்பாற்றப்படுகிறது, பரவாயில்லை.

சரி, இன்னும் கறாராக 3.5 வைத்தால் என்ன? வைக்கலாம், ஆள் வேண்டும். மார்ஜின் சுருங்கினால் தேவையான நோயாளிகளின் எண்ணிக்கை அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வழக்கமான அனுமானங்களோடு போட்டுப் பார்த்தேன்: 5க்கு ஒவ்வொரு மருந்துக்கும் சுமார் 190 பேர், 3.5க்கு 386. இரண்டு மடங்கு! ஆள் கிடைக்கவில்லை என்பதற்காக மார்ஜினைத் தளர்த்துவதும் நடக்கிறது. ஒருமுறை மார்ஜின் 10 எழுத்து என்று எழுதிய ஒரு ஆய்வுத் திட்டம் என் மேசைக்கு வந்தது. காரணம் கேட்டால், 'அப்போதுதான் ஒரு வருடத்தில் முடியும் டாக்டர்' என்றார் அதை எழுதிய தம்பி. பட்ஜெட்டைப் பார்த்து வைத்த எண் அது, நோயாளியைப் பார்த்து வைத்ததல்ல. திருப்பி அனுப்பினேன்.

உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது: இந்த இரண்டு மருந்துகளையுமே வெவ்வேறு மார்ஜினோடு சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கேட் ஆய்வு 5 வைத்தது. மாதாமாதம் போட்டதில் அவாஸ்டினுக்கு 8.0, லூசென்டிசுக்கு 8.5 எழுத்து முன்னேற்றம், 2011இல் தேர்ச்சி. பிரிட்டனின் ஐவன் ஆய்வு 3.5 வைத்தது. ஒரு வருட முடிவில் அவாஸ்டின் சுமார் 2 எழுத்து பின்தங்கியது, உண்மையான பின்னடைவு 4.04 வரை இருக்கலாம் என்றது 95 சதவீத நம்பக இடைவெளி. 4.04 என்பது 3.5ஐத் தாண்டிவிட்டதே! அதனால் 'முடிவு சொல்ல முடியவில்லை' என்று எழுதினார்கள். அவர்களும் 5 வைத்திருந்தால் அதே தரவு தேர்ச்சி பெற்றிருக்கும். மார்ஜினைத் தரவைப் பார்க்கும் முன்பே பூட்டிவிட வேண்டும் என்று நாங்கள் அடம்பிடிப்பது இதற்காகத்தான். 'முன்கூட்டி எழுதி வைத்திருக்கிறார்கள்' என்று குறையாகச் சொன்னீர்கள், பின்னால் எழுதியிருந்தால்தான் நான் பயப்படுவேன்.

இன்னொரு ஓட்டை உண்டு. இந்த வகை ஆய்வில் அசட்டையே வெற்றிக்கு உதவும். பாதிப் பேர் ஊசிக்கு வராமல் போனாலோ, அட்டையைச் சரியாகப் படிக்க வைக்காவிட்டாலோ இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரிந்துவிடும். அதனால் சேர்ந்த எல்லாரையும் ஒரு தடவை, ஒழுங்காக ஊசி போட்டவர்களை மட்டும் ஒரு தடவை எனக் கணக்கிட்டு இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன். லூசென்டிஸ் பக்கத்தவர்கள் மரினாவில் பார்த்த அளவுக்கு முன்னேறினார்களா என்றும் பார்க்க வேண்டும். கேட் ஆய்வில் அந்த 8.5 மரினாவின் 7.2க்குக் குறையவில்லை, அங்கே எனக்குக் கவலை இல்லை.

அந்த 5 எழுத்து பார்வையை மட்டும்தான் அளக்கிறது. அவாஸ்டின் புற்றுநோய்க்கான பெரிய குப்பியிலிருந்து சின்னச் சின்ன ஊசிகளாகப் பிரித்து அடைக்கப்படுவது, அதில் கிருமி புகுந்தால் எந்த மார்ஜினும் காப்பாற்றாது. அடுத்த தடவை அம்மாவோடு போகும்போது அதை எங்கே, யார் பிரித்து அடைக்கிறார்கள் என்று கேளுங்கள். அம்மாவுக்கு முன்பு பக்கவாதமோ மாரடைப்போ வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.